ஒரு மாத நடையும் ஒரு வரிப் படக்குறிப்பும்

ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு வகைப் படத்தைத் தவறாமல் காண்கிறோம். வியர்வை வழியும் முகம், புதிய சப்பாத்து, பின்னணியில் கடலோ மைதானமோ. கீழே ஒரு வாசகம்: “30 நாள் சவாலை வென்றேன். முடியாதது எதுவுமில்லை. நீங்களும் எழுந்திருங்கள்!” நடப்பவர்கள் மட்டுமல்லர், நாட்குறிப்பு எழுதுபவர்களும் தியானம் பழகுபவர்களும் இதே அச்சில்தான் தம் வாசகத்தை வார்க்கிறார்கள். பெயரை மாற்றிப் போட்டால் எவருடைய படத்துக்கும் அது பொருந்தும். எவருடைய படத்துக்கும் பொருந்தும் வாசகம் எவரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை என்பதுதான் என் முதல் முறைப்பாடு.

நான் மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைக்குப் படக்குறிப்பு எழுதிவருபவன். ஆசிரிய பீடத்தில் புதிதாகச் சேர்பவர் கையில் முதலில் கொடுக்கப்படும் வேலை அதுதான். அற்பமான வேலை என்று எண்ணித்தான் எல்லோரும் அதைத் தொடங்குவார்கள். ஆனால் பத்திரிகையைக் கையில் எடுப்பவர்களில் பலர் கட்டுரையை விட்டுவிட்டுப் படத்தையும் அதன் கீழுள்ள இரண்டு வரியையும் மட்டுமே வாசிக்கிறார்கள். ஆகையால் அந்த இரண்டு வரிக்கு எங்கள் காரியாலயங்களில் கண்டிப்பான விதிகள் இருந்தன. படம் ஏற்கெனவே காட்டுவதைத் திருப்பிச் சொல்லக்கூடாது. படத்தால் சொல்ல முடியாத இடம், நாள், தொகை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பெயரடைகளை எழுதினால் சிவப்புப் பேனை அவற்றை வெட்டிவிடும். நடக்காததை நடந்ததாக எழுதவே கூடாது.

இந்த விதிகளை ஒரு தனிமனிதரின் ஒரு மாத நடைக்கும் பிரயோகிக்க வேண்டும் என்பதே என் வாதம். மாத முடிவில் போடப்படும் படக்குறிப்பு வெற்றிப் பிரகடனம் அல்ல. அது ஒரு கணக்கு. கணக்காக எழுதப்பட்டால் அது எழுதியவருக்கும் உதவும், வாசிப்பவருக்கும் உதவும். பிரகடனமாக எழுதப்பட்டால் இருவருக்கும் கேடு செய்யும். கேடு என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்துகிறேன். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில், ஒரு மாதம் என்பதன் பெறுமதி என்ன? 21 நாட்கள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதன் மூலம் மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் வெளியிட்ட ஒரு நூல். முகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாட்கள் எடுக்கின்றன என்று அவர் கவனித்திருந்தார். அதில் ‘குறைந்தது’ என்ற சொல்லும் ‘சுமார்’ என்ற சொல்லும் காலப்போக்கில் உதிர்ந்துபோயின. சத்திரசிகிச்சையும் மறக்கப்பட்டது. எஞ்சியது 21 என்ற எண் மட்டுமே.

இதை உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லல்லியும் அவருடைய சகாக்களும். 96 பேரைத் தெரிவுசெய்து, ஒவ்வொருவரும் தினமும் ஒரு குறித்த தருணத்துடன் ஒரு சிறு செயலை இணைத்து 84 நாட்கள் செய்யுமாறு கேட்டார்கள். காலை உணவுக்குப் பின் இதைச் செய்வேன், இரவு உணவுக்கு முன் அதைச் செய்வேன் என்பன போன்ற ஏற்பாடுகள். 2010இல் அச்சில் வந்த அந்த ஆய்வின்படி, செயல் யோசனையின்றித் தானாக நிகழும் நிலையை எட்டுவதற்கான இடைநிலைக் காலம் 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற இலகுவான செயல்கள் விரைவாகவும் உடற்பயிற்சி போன்றவை மெதுவாகவும் படிந்தன. ஆகவே முப்பதாம் நாளில் நிற்கும் பெரும்பாலானோர் பாதி வழியில்தான் நிற்கிறார்கள். பாதி வழியில் நிற்பவர் வென்றேன் என்று எழுதுவது பொய்யல்லவானாலும் நிச்சயமாக அவசரம்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. என் வாதத்துக்கு அதுவே முக்கியமானது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதை அப்படியொன்றும் பாதிக்கவில்லை. மறுநாள் செய்யத் தொடங்கியதும் அது விட்ட இடத்திலிருந்தே வளர்ந்தது. அப்படியானால் ‘ஒரு நாளும் தவறவில்லை’ என்று பெருமைப்படுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. தவறிய நாளை மறைப்பதற்கும் காரணம் இல்லை.

ஆனால் பிரகடனம் செய்தவருக்குத் தவறிய நாள் சாதாரண நாளாக இருப்பதில்லை. கொழும்பில் என்னோடு பணியாற்றிய ஒருவர் நீரிழிவுக்காக நடக்கத் தொடங்கினார். நாள் 1, நாள் 2 என்று தினமும் ஒரு படம் போட்டார். முப்பதாம் நாளன்று மிக நீண்ட ஒரு வெற்றி வாசகம் எழுதினார். இருநூறுக்கு மேற்பட்டோர் வாழ்த்தினார்கள். முப்பத்திரண்டாம் நாள் காய்ச்சல். நான்கு நாட்கள் படுக்கை. அதன்பின் படங்கள் வரவில்லை. சில மாதங்கள் கழித்துச் சந்தித்தபோது நடை எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: “மறுபடியும் நாள் ஒண்டு எண்டு போட வெக்கமாக் கிடந்தது. போடாமல் நடக்கவும் மனம் வரேல்லை.” அடுத்த கிளினிக்கில் அவருடைய மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள். காய்ச்சல் அவருடைய நான்கு நாட்களைத்தான் எடுத்தது. மிகுதியை எடுத்தது அந்த வாசகம்.

இதை அவருடைய பலவீனம் என்று தள்ளிவிட முடியாது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களைப் பற்றி ஜெனற் பொலிவி, பீற்றர் ஹேர்மன் என்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்ததும், இனி என்னவானால் என்ன என்று முழுவதையும் கைவிடும் போக்கை அவர்கள் விவரித்திருக்கிறார்கள். விதி எவ்வளவு கடுமையோ உடைவு அவ்வளவு முழுமை. ‘ஒரு நாளும் தவறாத மனிதர்’ என்று தன்னை ஊரறிய அறிவித்தவர் ஒரு நாள் தவறியதும் இழப்பது ஒரு நாளை அல்ல, அந்த மனிதரை.

இனி ஒரு படக்குறிப்பை வரிவரியாக எழுதிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வயது அறுபத்தொன்று, 2023 நவம்பர் முதலாம் திகதி நடக்கத் தொடங்கினார். பண்ணையில் கோட்டைக்கு அருகே கடலோரமாக நடப்பார். கனடாவிலுள்ள மகள் அவருடைய கைத்தொலைபேசியில் அடிகளை எண்ணும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தார். மாஸ்ரர் செயலியையும் வைத்திருந்தார், அதை முழுதாக நம்பாமல் ஒரு கொப்பியையும் வைத்திருந்தார். கொப்பியில் நான்கு நிரல்கள்: திகதி, புறப்பட்ட நேரம், நடந்த நிமிடங்கள், குறிப்பு. மாதம் முடிந்ததும் மகள் ஒரு படம் கேட்டிருக்கிறார். படத்தோடு போட ஒரு நல்ல வசனம் வேண்டும் என்று மாஸ்ரர் என்னிடம் வந்தார்.

அவருடைய கையில் ஏற்கெனவே ஒரு வசனம் இருந்தது. “முப்பது நாள் சவாலை முடித்துவிட்டேன். மழையோ வெயிலோ என்னைத் தடுக்கவில்லை. வயது வெறும் எண் மட்டுமே.” நான் கொப்பியைக் கேட்டேன்.

கொப்பி வேறு கதை சொன்னது. 30 நாட்களில் 24 நாட்கள் நடந்திருக்கிறார். 4, 14, 15ஆம் திகதிகளில் மழை. 9ஆம் திகதி கொழும்புப் பயணம். 18ஆம் திகதி உறவினர் ஒருவரின் செத்தவீடு. 21ஆம் திகதிக்கு எதிரே ஒரே ஒரு சொல்: ‘மனமில்லை’. நடந்த மொத்த நேரம் 742 நிமிடங்கள். முதல் பதினைந்து நாட்களில் 11 நடைகள், அடுத்த பதினைந்து நாட்களில் 13 நடைகள். இடைவெளி ஒருபோதும் இரண்டு நாட்களைத் தாண்டவில்லை.

மழை தன்னைத் தடுக்கவில்லை என்று எழுதியவரின் கொப்பியில் மழை மூன்று முறை தடுத்திருக்கிறது. வடக்கில் நவம்பர் என்பது மாரியின் நடுப்பகுதி. அந்த மாதத்தில் மழையே தடுக்கவில்லை என்று சொன்னால் ஊரில் எவரும் நம்பப்போவதில்லை. ஆனால் என் ஆட்சேபம் அதுவல்ல. அந்த மனிதர் தன்னிடமுள்ள நல்ல செய்தியை விட்டுவிட்டுப் பிறருடைய வாசகத்தைக் கடன் வாங்கியிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். 742 நிமிடத்தை 30ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் கிழமைக்குச் சுமார் 173 நிமிடங்கள். ஆறு நாட்கள் தவறியும் அவர் தேவையான அளவைத் தாண்டியிருந்தார். ஒரு நாளும் தவறவில்லை என்று பொய் சொல்லவேண்டிய எந்த அவசியமும் அந்தக் கணக்குக்கு இல்லை.

செயலி சொன்னதோ இன்னொன்று. அதன் திரையில் 9 என்ற எண் மின்னிக்கொண்டிருந்தது. 21ஆம் திகதி தவறியதால் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய், 22இலிருந்து மீண்டும் ஒன்று, இரண்டு என ஏறி, 30ஆம் திகதி ஒன்பதில் நின்றது. அதற்கு முன் நடந்த 15 நாட்களும் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு மாணவன் 30 கணக்குகளில் 24ஐச் சரியாகச் செய்ய, கடைசியாகப் பிழைவிட்ட இடத்துக்குப் பின்னுள்ள ஒன்பதுக்கு மட்டும் புள்ளி போடுவீர்களா என்று மாஸ்ரரிடம் கேட்டேன். “போடமாட்டன்” என்றார். தொடர் எண்ணிக்கை என்ற இந்த முறை நம் நடையை அளக்கவில்லை. நாம் எப்போது கடைசியாகத் தவறினோம் என்பதை மட்டுமே அளக்கிறது. ஆகவே குறிப்பில் போடவேண்டியது ‘30க்கு 24’ என்ற விகிதமே தவிர ‘9 நாள் தொடர்’ அல்ல.

அடிகளின் எண்ணிக்கையைப் போடலாமே என்றார். செயலி நாளொன்றுக்கு 10,000 அடிகளை இலக்காக வைத்திருந்தது. அந்த எண்ணும் ஆய்வுகூடத்தில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று அடிமானி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதற்குப் ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயரை வைத்தது. எண் உலகெங்கும் பரவியது. 2019இல் ஐ-மின் லீயும் குழுவினரும் அமெரிக்காவில் சராசரி வயது 72 உடைய 16,741 பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு வீதம் சுமார் 2,700 அடிகள் நடந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்குப் பின் மேலதிக பலன் தென்படவில்லை. மாஸ்ரர் தொலைபேசியைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வீட்டு முற்றத்தில் நடப்பதையும் சந்தைக்குப் போவதையும் செயலி சேர்த்தே எண்ணுகிறது. பண்ணையில் நடந்ததைச் சொல்வதற்கு நிமிடமே நேர்மையான அலகு.

அடுத்தது பலன்கள். படக்குறிப்பில் பொய் நுழைவது பெரும்பாலும் இந்த வாசலால்தான். “சீனியும் குறைஞ்சிட்டுது, அதையும் போடுவம்” என்றார் மாஸ்ரர். மாதத் தொடக்கத்தில் வீட்டு இயந்திரத்தில் வெறுவயிற்றுச் சீனி 131. மாத முடிவில் 118. வித்தியாசம் 13, அதாவது பத்து வீதம். வீட்டு இயந்திரங்களுக்கான சர்வதேசத் தரம், 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 வீதம் வரையான விலகலை அனுமதிக்கிறது. ஆகவே இந்தப் பத்து வீதம் நடையால் வந்ததா, இயந்திரத்தால் வந்ததா, முதல்நாள் இரவு இடியப்பம் குறைவாக உண்டதால் வந்ததா என்று இரண்டு அளவீடுகளை வைத்து எவராலும் சொல்ல முடியாது. சரியாகத் தெரிய வேண்டுமானால் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறது. ஆனால் அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. டிசம்பர் முதலாம் திகதி அதைச் செய்தால் நடக்காத ஒக்டோபரும் செப்டெம்பரும் அதில் கலந்தே வரும். மூன்று மாதங்கள் நடந்தபின் செய்தால் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

உடல் நிறையும் அப்படித்தான். அரை மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் செலவாகும் சக்தி நூறு முதல் நூற்றைம்பது கலோரி. 24 நாட்களுக்கு மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. எனவே நடையால் மட்டும் ஒரு மாதத்தில் அரைக் கிலோகூடக் குறையாது. நடந்து முடிந்ததும் ஒரு வடையும் சீனி போட்ட ஒரு தேநீரும் எடுத்தால் அதுவும் இல்லை. உடலிலுள்ள நீரின் ஏற்ற இறக்கத்தால் நிறை ஒரே நாளில் ஒரு கிலோ வரை மாறக்கூடும். ‘ஒரு மாத நடையில் ஐந்து கிலோ’ என்று எழுதுபவர் சாப்பாட்டில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விடுகிறார், அல்லது தராசைச் சரியாகப் பார்க்கவில்லை. அதை நம்பி நடக்கும் ஒருவர் மாத முடிவில் தன் தராசைப் பார்த்து, நடையால் பயனில்லை என்று முடிவு கட்டுகிறார். கேடு என்று நான் சொன்னதில் இதுவும் அடங்கும்.

எனவே பலன்களை நீக்கினோம். மிஞ்சியது கொப்பியிலுள்ளது. தவறிய நாட்களைப் போடுவதா என்பதில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. மழையைப் போடுவதில் மாஸ்ரருக்குத் தயக்கமில்லை. பயணமும் செத்தவீடும் கௌரவமான காரணங்கள். “அந்த இருபத்தோராம் திகதியையும் மழைக்குள்ள தள்ளிவிடுவமே தம்பி, ஆருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டார். நான் மறுத்தேன். ஆறு காரணங்களில் ஐந்து வெளியிலிருந்து வந்தவை. அவற்றிலிருந்து எவரும் எதையும் கற்க முடியாது. மனமில்லாத நாள் ஒன்றே எல்லோருக்கும் பொதுவானது. அதை அழித்தால் குறிப்பில் மனிதர் இருக்கமாட்டார்.

மறு அந்தத்திலும் ஒரு குழி உண்டு. மாஸ்ரர் என் பேச்சைக் கேட்டுச் சற்றுச் சலித்து, “அப்ப ‘ஏதோ என்னால் முடிந்தளவு கொஞ்சம் நடக்கிறேன்’ எண்டு போடுவம்” என்றார். இதுவும் வேண்டாம் என்றேன். வாசிப்பவர் உடனே ‘கொஞ்சமா? நீங்கள் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள்!’ என்று மறுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. தற்பெருமை பாராட்டை வெளிப்படையாகக் கேட்கிறது. இந்தப் பணிவு அதைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறது. கணக்கைச் சொல்பவருக்கு இரண்டும் தேவையில்லை. 742 நிமிடம் பெரிதா சிறிதா என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கட்டும்.

கடைசி வசனம் எஞ்சியிருந்தது. எல்லோரும் அங்கேதான் ‘இனி ஓயமாட்டேன்’ என்றோ ‘அடுத்த இலக்கு மரதன்’ என்றோ எழுதுகிறார்கள். பீற்றர் கோல்விற்சரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட பரிசோதனைகளில், தாம் ஆக விரும்பும் மனிதரைப் பற்றிய எண்ணத்தைப் பிறர் அறியச் சொன்னவர்கள் அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். சொன்னதும் அந்த மனிதராகவே ஆகிவிட்ட திருப்தி ஓரளவு கிடைத்துவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். சிறிய பரிசோதனைகள்தான், எல்லா எண்ணங்களுக்கும் அது பொருந்துமென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எங்கள் தொழிலின் பழைய விதியும் இதே திசையைத்தான் காட்டுகிறது: நடக்கப்போவதை எழுதாதே, நடந்ததை எழுது. ஆகவே மாஸ்ரரிடம் ஒன்று சொன்னேன். படத்தை நவம்பர் 30 மாலையில் போடாதீர்கள். மறுநாள் காலை நடந்துவிட்டு வந்து போடுங்கள். அப்போது கடைசி வசனம் வாக்குறுதியாக இராது, செய்தியாக இருக்கும்.

அவர் அப்படியே செய்தார். வெளிவந்த குறிப்பு இதுதான்:

“நவம்பர், பண்ணை. காலைத் தேநீருக்குப் பின் நடை. 30 நாட்களில் 24 நாட்கள், மொத்தம் 742 நிமிடங்கள். நடக்காத நாட்கள் ஆறு: மழை 3, பயணம் 1, செத்தவீடு 1, மனமில்லாமை 1. இன்று டிசம்பர் 1. இன்றும் நடந்தேன்.”

இதில் ஒரு பெயரடைகூட இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. யாருக்கும் புத்திமதி இல்லை. ‘காலைத் தேநீருக்குப் பின்’ என்ற சொற்களை வேண்டுமென்றே வைத்தோம். மேலே சொன்ன லண்டன் ஆய்வில் பழக்கம் படிவதற்கு அடிப்படையாக இருந்தது அப்படியொரு தருணம்தான். ‘தினமும் நடக்கிறேன்’ என்பதிலிருந்து பிறருக்கு எதுவும் கிடைக்காது. எதற்குப் பின்னால் நடக்கிறார் என்பதிலிருந்து ஒருவர் தன் வீட்டில் செய்யக்கூடிய ஓர் ஏற்பாடு கிடைக்கிறது.

விருப்பக்குறிகள் அதிகம் விழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்ரர் அதில் சற்று வாடித்தான் போனார். ஆனால் அவருடைய பழைய மாணவர் ஒருவர், இப்போது நாற்பது வயதைத் தாண்டியவர், ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “சேர், மனமில்லாத நாளுக்கு அடுத்த நாள் எப்பிடி வெளிக்கிட்டனீங்கள்?” வெற்றிப் பிரகடனத்தின் கீழ் ஒருபோதும் விழாத கேள்வி இது. மாஸ்ரர் கொப்பியைப் பார்த்துப் பதில் எழுதினார். 22ஆம் திகதிக்கு எதிரே 12 நிமிடம் என்று இருந்தது. மற்ற நாட்களின் பாதியிலும் குறைவு. அன்று முழு நடையை நினைத்திருந்தால் போயிருக்கமாட்டேன், கோட்டை வரைக்கும் போய்த் திரும்புவோம் என்று புறப்பட்டேன், 23ஆம் திகதி வழமைக்கு வந்துவிட்டது என்று எழுதினார். கொப்பியில் அந்தப் பன்னிரண்டு நிமிடம் இல்லாதிருந்தால் அந்தப் பதிலும் இருந்திராது. மாஸ்ரர் விரும்பியபடி 21ஐ மழைக்குள் தள்ளியிருந்தால் கேள்வியே வந்திராது.

மகிழ்ச்சியைப் பகிர்வதில் என்ன தவறு, நாலு பேருக்கு ஊக்கமாக இருக்குமே என்று சிலர் கேட்கக்கூடும். மகிழ்ச்சியை நான் தடுக்கவில்லை. 30க்கு 24 என்று எழுதும்போது வருவதும் மகிழ்ச்சிதான். ஊக்கத்தைப் பற்றித்தான் எனக்கு ஐயம். ஒரு நாளும் தவறாத வீரரின் படம், மூன்று நாள் தவறவிட்டுக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு என்ன சொல்கிறது? நீ இந்தச் சாதியல்ல என்கிறது. ஆறு நாள் தவறவிட்டு ஏழாம் முறை புறப்பட்டவரின் கணக்கு அவருக்கு வேறொன்றைச் சொல்கிறது.

அப்படியானால் எதையும் போடாமல் அமைதியாக நடக்கலாமே என்பது இன்னொரு கேள்வி. நடக்கலாம். போடாதவர்களிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால் கொப்பியைக் கைவிடாதீர்கள். போடுவதானால் கொப்பியிலிருந்து போடுங்கள். திகதி, நேரம், நிமிடம், குறிப்பு என்று நாலு நிரல் போதும். மாத முடிவில் அந்த நிரல்களைக் கூட்டினால் வாசகம் தானாக வரும். நாட்குறிப்பு எழுதுபவருக்கும் இதே முறைதான்: எத்தனை நாள் எழுதினேன், எத்தனை பக்கம், எந்த நேரத்தில், எந்த நாட்கள் வெறுமையாகக் கிடக்கின்றன, ஏன்.

மாஸ்ரரின் டிசம்பர்க் கணக்கில் 31க்கு 22 என்று இருந்தது. நத்தாருக்குப் பிள்ளைகள் வந்து நின்றதில் நான்கு நாட்கள் போயின. அதையும் அப்படியே போட்டார். மேலிருந்து கீழ் இறங்கிய எண்ணை ஊரறியப் போடக்கூடிய ஒருவர் அடுத்த மாதமும் நடப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஜனவரியில் 31க்கு 26.